24 பாக்ஸா, 30 பாக்ஸா? டைல்ஸ் கொட்டேஷனைக் கடைசி வரிசையில் வைத்துச் சரிபாருங்கள்

கேள்வி: ஐயா, தண்டையார்பேட்டையில் எங்கள் பழைய வீட்டின் மேல் மாடி கட்டி, பூச்சு வேலை முடித்துவிட்டோம். தரைக்கு 2க்கு 2 விட்ரிஃபைடு டைல்ஸ், சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங்குக்கும் அதே டைல்ஸ். அடி, அங்குலத்தில் நாங்கள் எழுதிக் கொடுத்த அளவை வைத்துக் கடையில் தந்த கொட்டேஷன் இது: ஹால் 16.4 × 10.6, பெட்ரூம் 11.3 × 9.10, கிச்சன் 9.2 × 7.6. மொத்தம் 346.59 சதுர அடி. வேஸ்டேஜ் 10 சதவீதம் சேர்த்து 381.25. பாக்ஸுக்கு 16 சதுர அடி வீதம் 24 பாக்ஸ். சதுர அடி 58 ரூபாய், மொத்தம் 22,272 ரூபாய். மேஸ்திரியோ 30 பாக்ஸ் வாங்கிவிடுங்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? — ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அன்புள்ள சகோதரி, உங்களுக்கு 26 அல்லது 27 பாக்ஸ் தேவை. இரண்டில் எது என்பது ஹாலில் டைல்ஸை எங்கிருந்து போடத் தொடங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது. 24 வாங்கினால் வேலை நடுவில் நின்றுவிடும். 30 வாங்கினால் மூன்று நான்கு பாக்ஸ் படிக்கட்டுக்குக் கீழே கிடக்கும். ஒரு பென்சிலும் தாளும் இருந்தால் இந்த எண்ணிக்கையை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

முதலில் அளவைப் பாருங்கள். நீங்கள் 10 அடி 6 அங்குலம் என்று கொடுத்ததை அவர்கள் 10.6 என்று எழுதி, அதை அப்படியே கால்குலேட்டரில் தட்டியிருக்கிறார்கள். அடிக்கு 12 அங்குலம் என்பதால் 6 அங்குலம் அரை அடி. தட்ட வேண்டியது 10.5. இந்த இடத்தில் வித்தியாசம் சின்னதுதான். ஆனால் பெட்ரூமில் 9 அடி 10 அங்குலம் 9.10 ஆகிவிட்டது. கால்குலேட்டருக்கு அது 9.1 அடி, அதாவது 9 அடி 1 அங்குலத்துக்குச் சற்று மேல். ஒன்பது அங்குலம் காணாமல் போய்விட்டது.

அங்குலத்தை 12-ஆல் வகுத்துச் சேர்த்துப் போட்டால் ஹால் 171.5 சதுர அடி, பெட்ரூம் 110.6, கிச்சன் 68.75, மொத்தம் 351 வருகிறது. கொட்டேஷனில் ஹாலும் கிச்சனும் கொஞ்சம் கூடுதல், பெட்ரூம் ஏறக்குறைய 8 சதுர அடி குறைவு. ஏறியதும் இறங்கியதும் ஒன்றையொன்று சரிக்கட்டியதால் மொத்தம் 346 என்று வந்து, பார்ப்பதற்குச் சரியாகத் தெரிகிறது. அதனால் மொத்தத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. ஒவ்வொரு அறையையும் தனியாகப் பெருக்கிப் பாருங்கள். 10 அங்குலம், 11 அங்குலம் வரும் அளவு எங்கே இருக்கிறதோ அங்கேதான் பெரிய தவறு ஒளிந்திருக்கும்.

அடுத்தது பாக்ஸ். 2க்கு 2 என்று நாம் சொல்லும் டைல்ஸ் உண்மையில் 600 மில்லிமீட்டர் சதுரம். இரண்டு அடி என்றால் கிட்டத்தட்ட 610 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஆகவே ஒரு டைல்ஸ் 4 சதுர அடி வராது, 3.875 தான் வரும். பாக்ஸில் நான்கு டைல்ஸ், அதாவது 15.5 சதுர அடி. பாக்ஸின் மேலேயே 1.44 சதுர மீட்டர் என்று அச்சடித்திருப்பார்கள், அதுவும் இதே அளவுதான். கடையில் 16 என்று போடுவது 2க்கு 2 என்று சொல்லிச் சொல்லி வந்த பழக்கம். பழக்கமோ என்னவோ, 24 பாக்ஸுக்கு 384 சதுர அடிக்குப் பணம் கட்டுகிறீர்கள், வீட்டுக்கு வருவது 372 சதுர அடி. அந்த 12 சதுர அடியின் விலை 696 ரூபாய்.

இரண்டு கடைகளை ஒப்பிடும்போது இது இன்னும் முக்கியம். உங்கள் கடையில் 58 ரூபாயை 16-ஆல் பெருக்கினால் பாக்ஸ் 928 ரூபாய். வேறொரு கடையில் அதே தரத்துக்கு 59 ரூபாய் சொல்லி, பாக்ஸை 15.5 என்று போட்டால் பாக்ஸ் 914.50 தான். சதுர அடி விலை கூடுதலாகத் தெரியும் கடைதான் மலிவு. சதுர அடி விலையை விட்டுவிட்டு, பாக்ஸ் என்ன விலை, உள்ளே எத்தனை டைல்ஸ் என்று மட்டும் கேளுங்கள்.

கொட்டேஷனில் 10 சதவீதம் வேஸ்டேஜ் என்று போட்டிருந்தாலும் அது உங்கள் கைக்கு வரவில்லை என்பதும் இப்போது தெரியும். உண்மையான தரை 351, வருவது 372. கூடுதலாக இருப்பது 21 சதுர அடி, அதாவது 6 சதவீதம். ஸ்கர்ட்டிங்கை அவர்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இனி வேஸ்டேஜுக்கு வருவோம். வேஸ்டேஜ் என்பது எல்லா அறைக்கும் பொதுவான ஒரு சதவீதம் அல்ல. அது பிறக்கும் இடம் ஒவ்வொரு அறையின் கடைசி வரிசை. அங்கே முழு டைல்ஸ் உட்காராமல் வெட்ட வேண்டியிருக்கிறது. வெட்டியதில் மிஞ்சும் துண்டு வேறு எங்காவது பயன்பட்டால் நஷ்டமில்லை, பயன்படாவிட்டால் அதுதான் வேஸ்டேஜ். எனவே டைல்ஸைச் சதுர அடியில் கணக்கிடாமல், வரிசை வரிசையாக எண்ண வேண்டும்.

உங்கள் ஹாலை எடுத்துக்கொள்வோம். டைல்ஸ் 600 மில்லிமீட்டர், இடையில் 2 மில்லிமீட்டர் ஸ்பேசர். சேர்த்தால் ஒரு டைல்ஸ் பிடிக்கும் இடம் 23.7 அங்குலம். ஹாலின் நீளம் 196 அங்குலம். எட்டு முழு டைல்ஸ் போனபின் 6.4 அங்குலம் மிஞ்சுகிறது. அகலம் 126 அங்குலம். ஐந்து முழு டைல்ஸ் போனபின் 7.5 அங்குலம் மிஞ்சுகிறது.

ஒரு மூலையிலிருந்து முழு டைல்ஸாகத் தொடங்கினால், எட்டு வரிசை, ஐந்து வரிசை என்று 40 முழு டைல்ஸ் உட்காரும். அதற்குப்பின் ஒரு சுவரோரம் 6.4 அங்குலத்தில் ஐந்து பட்டைகளும், இன்னொரு சுவரோரம் 7.5 அங்குலத்தில் எட்டுப் பட்டைகளும், மூலையில் ஒரு சின்னத் துண்டும் வேண்டும். ஒரு டைல்ஸில் இப்படி மூன்று பட்டைகள் வெட்டலாமே என்று தோன்றும். வெட்டலாம், ஆனால் நடுவில் வரும் பட்டைக்கு இரண்டு பக்கமும் மெஷின் வெட்டுதான் இருக்கும். பக்கத்து டைல்ஸோடு சேரும் ஓரம் கம்பெனி ஓரமாக இருந்தால்தான் இடுக்கில் நிரப்பும் கிரவுட் கோடு ஒழுங்காக இருக்கும். வெட்டிய ஓரம் சுவர்ப் பக்கம் போக வேண்டும், அதை ஸ்கர்ட்டிங் மறைத்துக்கொள்ளும். ஆகவே தரைக்கு ஒரு டைல்ஸில் இரண்டு பட்டைதான் என்று கணக்கு வையுங்கள். ஐந்து பட்டைக்கு 3 டைல்ஸ், எட்டுப் பட்டைக்கு 4 டைல்ஸ், மூலைத் துண்டு மிச்சத்திலிருந்து. ஹாலுக்கு மொத்தம் 47.

இதையே நடுவிலிருந்து தொடங்கினால் கதை மாறும். நல்ல மேஸ்திரி பலர் ஹாலில் நூல் கட்டி நடுவிலிருந்துதான் போடுவார்கள். சுவரோரம் ஆறங்குலப் பட்டை வந்தால் பார்க்க நன்றாக இருக்காது என்பதே காரணம், அது சரியான காரணமும்கூட. நடுவில் ஏழுக்கு நான்கு என்று 28 முழு டைல்ஸ் போக, நான்கு சுவரோரமும் 15 அங்குலத்துக்கு மேற்பட்ட துண்டுகள் வரும். பாதியைவிடப் பெரிய துண்டு என்பதால் ஒரு டைல்ஸில் ஒன்றுதான் எடுக்க முடியும். ஆக ஒன்பதுக்கு ஆறு, 54 டைல்ஸ். அறை அதேதான், டைல்ஸும் அதேதான், ஆனால் 7 டைல்ஸ் கூடுதல். பரப்பளவை வைத்துப் பார்த்தால் இந்த ஹாலுக்கு 44 டைல்ஸும் கொஞ்சமும் போதும். ஒரு முறையில் வேஸ்டேஜ் 6 சதவீதம், இன்னொரு முறையில் 22 சதவீதம். எந்தக் கடைக்காரர் போடும் பத்து சதவீதத்திலும் இது தெரியாது.

பெட்ரூமில் இந்தச் சிக்கல் இல்லை. 135 அங்குலத்தில் ஐந்து முழு டைல்ஸும் 16.5 அங்குலத் துண்டும், 118 அங்குலத்தில் ஐந்து டைல்ஸ், அதில் கடைசி வரிசையை மட்டும் அரை அங்குலம் சீவ வேண்டும். ஆறுக்கு ஐந்து, 30 டைல்ஸ். கிச்சனில் ஐந்துக்கு நான்கு, 20. மேடைக்கு அடியிலும் டைல்ஸ் போடுகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். போடவில்லை என்றால் அந்த இரண்டடியைக் கழித்து எண்ணுங்கள்.

மூலையிலிருந்து போட்டால் தரைக்கு 97 டைல்ஸ், நடுவிலிருந்து போட்டால் 104. கொட்டேஷனில் உள்ள 24 பாக்ஸில் இருப்பது 96. ஒரு டைல்ஸ்கூட உடையாமல், ஸ்கர்ட்டிங் போடாமல் விட்டாலும் தரைக்கே பற்றாது.

ஸ்கர்ட்டிங்கில்தான் இந்தக் கணக்கு சுவாரசியமாகிறது. கதவு வழிகளையும் கிச்சன் மேடைப் பக்கத்தையும் கழித்தால் உங்கள் வீட்டுக்கு 93 ரன்னிங் அடி வரும் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் டேப் பிடித்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நாலங்குல உயரத்தில் வெட்டினால் ஒரு முழு டைல்ஸில் ஆறு பட்டைகள் வரும். பிளேடு தின்பது போக ஒவ்வொன்றும் நாலங்குலத்துக்கு ஒரு நூல் குறையும், அது பரவாயில்லை. ஆறு பட்டையும் சேர்ந்து கிட்டத்தட்ட 12 அடி. எல்லாமே முழு டைல்ஸில் வெட்டினால் 8 டைல்ஸ், அதாவது இரண்டு பாக்ஸ் போகும். ஆனால் தரையில் மிஞ்சும் துண்டுகளையே இதற்குப் பயன்படுத்தலாம். சுவரில் தனியாக நிற்கும் ஸ்கர்ட்டிங்கின் மேல் ஓரத்தைத் தேய்த்துச் சரிசெய்துகொள்ள முடியும் என்பதால் கம்பெனி ஓரம் இங்கே கட்டாயமில்லை.

மூலையிலிருந்து போடும் முறையில் மூன்று அறைகளின் மிச்சத் துண்டுகளிலும் 60 அடி ஸ்கர்ட்டிங் தேறும். மீதி முப்பத்துச் சொச்ச அடிக்கு 3 முழு டைல்ஸ் வெட்டினால் போதும். 97-உடன் இந்த 3, உடைசலுக்கு ஒரு 3, ஆக 103. பாக்ஸில் சொன்னால் 26. நடுவிலிருந்து போடும் முறையில் ஹாலில் மட்டுமே 20 துண்டுகளுக்கு மேல் எட்டங்குல அகலத்தில் மிஞ்சும். ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்கர்ட்டிங் பட்டை கிடைக்கும். கிச்சன் மிச்சத்தையும் சேர்த்தால் முழு வீட்டு ஸ்கர்ட்டிங்கும் இதிலேயே முடிந்துவிடும், தனியாக ஒரு டைல்ஸும் வெட்ட வேண்டாம். 104-உடன் உடைசலுக்கு 3 சேர்த்தால் 107, அதாவது 27 பாக்ஸ்.

ஹாலில் 7 டைல்ஸ் வித்தியாசமாக இருந்தது, வீடு முழுக்கப் பார்த்தால் ஒரே ஒரு பாக்ஸில் அடங்கிவிடுகிறது. 928 ரூபாய்க்கு ஹாலின் நான்கு சுவரோரமும் ஒரே மாதிரி அகலத்தில் இருக்கும். என்னைக் கேட்டால் நடுவிலிருந்து போடச் சொல்வேன். ஆனால் வேலை தொடங்கும் முன்பே மேஸ்திரியிடம், "மிச்சத் துண்டை வெளியே கொட்டாதீங்க, ஸ்கர்ட்டிங் அதுலதான்" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் துண்டுகள் சாக்கில் கட்டித் தெருவுக்குப் போய்விடும், ஸ்கர்ட்டிங்குக்குப் புது பாக்ஸ் உடைப்பார்கள். இன்னொரு எச்சரிக்கை. பெட்ரூமில் மிஞ்சும் ஏழங்குலப் பட்டைகள் ஹாலின் 6.4 அங்குல இடத்துக்குப் பொருந்தும், அதனால் 3 டைல்ஸ் மிச்சம் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அப்படிப் போட்டால் ஸ்கர்ட்டிங்குக்குத் துண்டு குறையும், அங்கே இன்னும் 2 டைல்ஸ் வெட்ட வேண்டும். ஒரே துண்டை இரண்டு இடத்தில் வரவு வைக்கக் கூடாது.

மேஸ்திரி 30 சொன்னதையும் பார்க்க வேண்டும். டைல்ஸைக் குறுக்காக, டைமண்ட் வடிவில் போடுவதாக இருந்தால் அவர் கேட்பது நியாயம். ஒவ்வொரு சுவரோரமும் முக்கோணமாக வெட்ட வேண்டியிருக்கும், 15 சதவீதம் வரை வேஸ்டேஜ் போகும். நேராகப் போடுவதற்கு 30 அதிகம். டைல்ஸ் பற்றாமல் ஒரு நாள் வேலை நின்றால் அவருடைய கூலிதான் போகிறது, அதனால் கொஞ்சம் தாராளமாகச் சொல்லியிருப்பார். இந்த எண்ணிக்கையை அவர் முன்னால் தாளில் வரைந்து காட்டுங்கள். வரிசைக் கணக்கு அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அளவு எங்காவது தப்பியிருந்தால் அவரே திருத்திவிடுவார்.

ஒரு விஷயம் என் கணக்கையே மாற்றக்கூடியது, உங்கள் பகுதியில் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தண்டையார்பேட்டை, ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பழைய மனைகள் நேர்ச் சதுரமாக இருப்பது அரிது. பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி எழுப்பிய சுவர், கீழ் வீட்டின் கோணலை அப்படியே மேல் மாடிக்கும் கொண்டுவந்திருக்கும். ஹாலின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். உங்கள் அளவுக்கு இரண்டும் 19 அடி 5 அங்குலம் வர வேண்டும். இரண்டுக்கும் ஓர் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அறை கோணல். அப்போது நீளத்தையும் அகலத்தையும் இரண்டு முனைகளிலும் நடுவிலும் அளந்து, அதில் பெரியதை வைத்து வரிசை எண்ணுங்கள். பெட்ரூமில் 118 அங்குலம் என்பது ஒரு முனையில் 119 ஆக இருந்தால், ஐந்து டைல்ஸ் போட்டபின் அரை அங்குல இடைவெளி மிஞ்சும். அதை ஸ்கர்ட்டிங் மறைக்குமா, ஒரு கீற்று வெட்டி வைக்க வேண்டுமா என்று மேஸ்திரியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இனி கடைக்குப் போய்க் கொட்டேஷனைத் திருத்தி வாங்குங்கள். ஒவ்வொரு அறையின் அளவும் அடி, அங்குலம் என்று தனித்தனியாக எழுதியிருக்கட்டும். பாக்ஸுக்கு 4 டைல்ஸ், 15.5 சதுர அடி, பாக்ஸ் விலை, மொத்த பாக்ஸ் என்று இருக்கட்டும். நடுவிலிருந்து போடுவதாக முடிவானால் 27-உடன் ஒன்று சேர்த்து 28 பாக்ஸ் கேளுங்கள். அந்தக் கூடுதல் பாக்ஸ் பின்னால் ஒரு டைல்ஸ் உடைந்தாலோ, குழாய் வேலைக்குத் தரையைத் தோண்டினாலோ தேவைப்படும். இந்த டிசைன் அப்போது கடையில் இருக்காது. வைக்க இடமில்லை என்றால், பிரிக்காத பாக்ஸைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா, எத்தனை நாளுக்குள், பணமாகத் தருவார்களா என்று கேட்டு அதையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

எல்லா பாக்ஸும் ஒரே பேட்ச், ஒரே ஷேட் என்பதும் எழுத்தில் வேண்டும். குறைவாக வாங்கி, பிறகு இரண்டு பாக்ஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். நமக்கு வரும் டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. அடுத்த லோடு வேறு பேட்சாக இருந்தால் நிறத்தில் லேசான வித்தியாசம் தெரியும், அளவிலும் ஒரு மில்லிமீட்டர் மாறலாம். ஒரு மில்லிமீட்டர் மாறினால் 2 மில்லிமீட்டர் ஸ்பேசரில் கோடு நேராகப் போகாது. வண்டி வந்ததும் பாக்ஸ் ஓரத்தில் அச்சடித்த ஷேட் எண்ணையும் பேட்ச் எண்ணையும் எல்லாப் பாக்ஸிலும் ஒத்துப் பாருங்கள். இறக்கும் முன்பே பார்ப்பது நல்லது. ஒரு பாக்ஸ் 25 கிலோவுக்கு மேல் கனம். உங்கள் சந்துக்குள் குட்டியானை நுழையாவிட்டால் தெருமுனையிலிருந்து தோளில் வைத்து மாடிக்கு ஏற்ற வேண்டியிருக்கும், அதன்பின் திருப்பிக் கொடுப்பது பெரும் பாடு. ஏற்றும்போது மூலை உடைந்த டைல்ஸ் இருந்தால் டெலிவரி சலானில் எழுதி, வண்டிக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். அப்படி மூலை போனவற்றைத் தனியாக வையுங்கள், சுவரோரத் துண்டுகளையும் ஸ்கர்ட்டிங்கையும் முதலில் அவற்றிலிருந்து வெட்டலாம்.